எட்டுப் பேர் விளையாடும் கொலை மர்ம விருந்து: "யானைக்குள் யார்?" வரைவு, கருத்து தேவை

வைகைக்கரை

பொங்கல் லீவுக்கு மதுரை வீட்டில் என்னைத் தவிர சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் கூடுகிறார்கள். சித்தப்பா பெண்ணிலிருந்து பெரிய மாமா வரை எல்லா வயசும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கொலை மர்ம விளையாட்டு நடத்த ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்தான் இன்ஸ்பெக்டர்.

களம்: 1974, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பங்குனித் திருவிழா. ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம். விடிவதற்குள் நாடக ஏஜெண்ட் கொட்டகைக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறார், பின்னந்தலையில் அடி. கொட்டகை முளை அடிக்கும் சம்மட்டி பக்கத்திலேயே கிடக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

எட்டுப் பேர்: ராஜபார்ட் மாணிக்கம் (முருகன்), ஸ்திரீபார்ட் கனகா (வள்ளி), நாரதர் பாலு, பபூன் சின்னச்சாமி, டான்ஸ் ரோஜா, ஆர்மோனியம் சுப்பையா, டிரஸ், மேக்கப் பார்க்கும் வீரையா, விழாக் கமிட்டித் தலைவர் அம்பலம்.

இப்போதைக்குக் கொலைகாரன் மாணிக்கம். முருகன் கிழவனாக வரும் விருத்தன் கட்டத்தில் தாடியை ஒட்டிக்கொண்டு பபூன் மேடை ஏறுகிறான், அந்த நேரத்தில் மாணிக்கம் ஏஜெண்டை முடித்துவிடுகிறான். துப்பு: அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பாட்டு கட்டை இறங்கி ஒலித்ததாக ஆர்மோனியக்காரர் சொல்வார். முடிச்சு அவிழும்போது "அட!" என்று இருக்குமா, "இதானா?" என்று இருக்குமா? அதுதான் என் கவலை.

அனுராதா

நல்ல முயற்சி. எங்கள் அபார்ட்மெண்டில் ஆண்டு விழாவுக்கு இதே மாதிரி பன்னிரண்டு பேரை வைத்து நாடகம் போட்டோம். வசனத்தை ஒரு மாசம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மனப்பாடம் ஆகாது, அதனால் பக்கத்தில் ப்ராம்ப்ட் பண்ண ஆள் வேண்டும். குறைந்தது இரண்டு மைக் இருக்கட்டும்.

வைகைக்கரை

அக்கா, இது மேடை நாடகம் இல்லை. பார்வையாளர்களே கிடையாது, எட்டுப் பேரும் ஆடுகிறவர்கள். ஆளுக்கொரு கவர் கொடுப்போம். "நீ யார், என்ன தெரியும், எதை மறைக்கணும்" என்று அதில் இருக்கும். மற்றதெல்லாம் அவரவர் வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்வதுதான்.

பின்பாட்டுக்காரர் பேரன்

எங்க தாத்தா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவர், சின்ன வயசுல அவர் கூடவே போயிருக்கேன். களத்தைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துபோச்சு. ஆனா விருத்தன் ஆள்மாறாட்டம் நிக்காது தம்பி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வள்ளி திருமணத்துல விருத்தனும் வள்ளியும் எதிரெதிரே நின்னு பேசுவாங்க, தேனும் தினைமாவும் குடுப்பா, தண்ணி குடுப்பா. கனகாவுக்கு எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரியாமப் போகுமா? ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்துலயே உட்கார்ந்திருப்பார். ஒரு ராஜபார்ட் வாயைத் திறந்து "ஆ"ன்னாலே இது இன்னார்னு அவருக்குத் தெரியும். கட்டை இறங்கிச்சுன்னு மட்டும் சொல்லிட்டு ஆள் யாருன்னு தெரியலைன்னா, தாத்தா கையில அடி வாங்கணும்.

முக்கியமான இன்னொண்ணு. ஸ்பெஷல் நாடகத்துல ஒரே கம்பெனி கிடையாது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஊர்லேர்ந்து அந்த ஒரு ராத்திரிக்கு வந்து சேர்றவங்க, ஒத்திகையும் கிடையாது. உங்க கதைக்கு இது பெரிய வரம். ஒருத்தர் மேல இன்னொருத்தருக்குப் பழைய பகையும் இருக்கலாம், பாதி பேருக்குப் பாதி பேரைத் தெரியாமலும் இருக்கலாம்.

திருச்சி ரவி

கொலைகாரனுக்கே தான் கொலைகாரன்னு கடைசிக் கவர் வரைக்கும் தெரியக் கூடாது. நாங்க ஆடினப்போ முதல்லயே சொல்லிட்டோம். அவன் முகத்தைப் பார்த்தே அவன் பொண்டாட்டி கண்டுபிடிச்சுட்டா, ஆட்டம் அரைமணியில முடிஞ்சுது. யாருக்கும் தெரியாம வைங்க, முகத்துல எதுவும் தெரியாது.

சாவிக்கொத்து

நானும் வீட்டுக் கூட்டங்களுக்கு இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். ரவி சொல்வது ஒரு வகை ஆட்டத்துக்குப் பொருந்தும். எட்டுப் பேருக்கும் ஒரே அளவு சந்தேகம், கடைசியில் கவரைப் பிரித்தால் ஒரு பெயர். அதில் முகம் காட்டிக் கொடுக்காதுதான். ஆனால் கொலைகாரனே தெரியாமல் பேசியிருந்தால், அவன் சொன்னதில் எது பொய் என்று மற்றவர்கள் பிடிக்க வழியில்லை. துப்பு துலக்கிய திருப்தி அங்கேயே போய்விடும்.

பேரன் சொன்ன ஓட்டைக்கு வருகிறேன். ஆள்மாறாட்டம் நல்ல யோசனைதான், வைத்த இடம்தான் சரியில்லை. முகமும் குரலும் வெளியே தெரியாத வேஷம் ஒன்று வேண்டும். வள்ளி திருமணத்தில் யானை வருமே?

பின்பாட்டுக்காரர் பேரன்

வரும். விருத்தன் வள்ளியைப் பயமுறுத்த விநாயகரைக் கூப்பிடுற கட்டம். சில ஊர்ல வெறும் சத்தத்தோட விட்டுடுவாங்க. கமிட்டி கேட்டா மூங்கில் சட்டமும் துணியும் வச்சு யானைத் தலை கட்டுவாங்க. நான் பார்த்த வரைக்கும் உள்ள போறது பபூன்தான். நாரதருக்கு அதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும், ஆனா கடைசிக் கல்யாணத்துக்கு வரணும்னு வேஷத்தைக் கலைக்காமப் படுத்திருப்பார்.

சாவிக்கொத்து

அப்படியானால் கதையே கிடைத்துவிட்டது. கொலைகாரன் பபூன் சின்னச்சாமி. "நான் யானைக்குள் இருந்தேன், ஊரே பார்த்தது" என்பது அவன் சாட்சி. உண்மையில் உள்ளே இருந்தது நாரதர் பாலு. "முதுகு பிடிச்சுக்கிச்சு, இந்த ஒரு தடவை போயிடு" என்று சின்னச்சாமி கெஞ்சியிருக்கிறான்.

பாலு ஏன் வாயைத் திறக்க மாட்டான் என்பதில்தான் இந்த ஸ்கிரிப்டின் உயிர் இருக்கிறது. அடுத்த சீசனிலிருந்து அவன் ராஜபார்ட், ஏஜெண்டே வாக்குக் கொடுத்திருக்கிறார். ராஜபார்ட் ஆகப்போகிறவன் யானைத் துணிக்குள் குனிந்து நடந்தான் என்று தெரிந்தால் மானம் போகும் என்று நினைக்கிறான். அதனால் "கொட்டகையில் தூங்கினேன்" என்கிறான். அந்த ஒரு பொய்யால் தன் சாட்சியைத் தானே இழக்கிறான், கொலைகாரனுக்குச் சாட்சி கொடுத்துவிடுகிறான். கடைசியில் எல்லாரும் பாலுவைக் குற்றவாளி என்று கை காட்டும்போது அவன் வேறு வழியில்லாமல் "நான் யானைக்குள் இருந்தேன்" என்பான். அந்த ஒரே வாக்கியம் அவனை விடுவிக்கிறது, சின்னச்சாமியைப் பிடித்துக் கொடுக்கிறது.

முடிச்சு அவிழ்வது புதிதாக ஒரு தடயத்தை மேஜையில் போடுவதால் இருக்கக் கூடாது. குற்றமில்லாத ஒருவர் சொன்ன பொய் உடைவதால் அவிழ வேண்டும். அப்போது அதுவரை கேட்டதெல்லாம் எல்லோருக்கும் திரும்பி வேறு அர்த்தத்தில் ஞாபகம் வரும்.

வைகைக்கரை

படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். இதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு சந்தேகம். மேடையில் இருந்த மாணிக்கம், கனகா, சுப்பையா மூவரும் கொலை செய்திருக்க முடியாது என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டால் அந்த மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்களே? இரண்டாவது, பாலு பேசும் வரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றால் அது அதிர்ஷ்டமாகிவிடாதா?

சாவிக்கொத்து

முதல் சந்தேகத்துக்கு: நேரத்தை ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். முதல் சுற்றில் இன்ஸ்பெக்டர் சொல்வது இவ்வளவுதான்: ஏஜெண்டைக் கடைசியாக உயிரோடு பார்த்தது 2.15, பார்த்தவர் அம்பலம். யானை மேடையை விட்டு இறங்கிய 3.25க்கு வீரையா பிணத்தைப் பார்க்கிறார். 2.15க்கும் 3.25க்கும் நடுவில் எட்டுப் பேருமே கொஞ்ச நேரமாவது கொட்டகைக்குப் பின்னால் போயிருக்கிறார்கள். ஆக முதல் சுற்றில் எட்டுப் பேரும் சந்தேகக் கைதிகள்.

இரண்டாம் சுற்றில் டீக்கடைக்காரர் வாக்குமூலம் ஒரு சீட்டாக வரட்டும்: "யானை மேடை ஏறி மத்தளம் அதிர்றப்போ ஏஜெண்டு எங்கிட்ட டீ வாங்கினாரு, மணி 3.05 இருக்கும்." அந்த நிமிடமே மேடையில் இருந்த மூவரும் யானையும் தப்பிவிடுகிறார்கள். ஆனால் தப்பியவர்கள் கையில்தான் துப்புகள் இருக்க வேண்டும். பயம் தீர்ந்தவர்கள் சரளமாகப் பேசுவார்கள், அந்தப் பேச்சிலேயே துப்பு விழும்.

இரண்டாவதுக்கு: யானைக்குள் சின்னச்சாமி இல்லை என்பதைச் சொல்ல மூன்று துப்பு, மூன்று பேரிடம் பிரித்து வையுங்கள். எதுவும் துப்பு மாதிரியே தெரியக் கூடாது, புகாராகவோ புலம்பலாகவோ இருக்கணும்.

அம்பலத்தின் கார்டு: "யானைக்கென்றே தனியாகக் காசு கொடுத்தோம். சின்னப்பிள்ளைகள் தூக்கத்தை விட்டுக் காத்திருந்தது. நேராக வந்தது, நேராகப் போனது, ஒரு ஆட்டம் இல்லை." சுப்பையா கார்டிலும் இதையே வேறு விதமாக வையுங்கள்: மத்தளக்காரர் இரண்டு தரம் துரிதம் எடுத்துக் கொடுத்தும் யானை கால் மாற்றவில்லை.

ரோஜாவின் கார்டு: "துணி ஓரத்தில் நின்று 'அண்ணே, சோடா வேணுமா'ன்னு கேட்டேன். பதிலே இல்லை. கோபமா இருக்காருன்னு வந்துட்டேன்." மேடையில் ரோஜா ஒரு வார்த்தை விட்டால் ஒன்பது வார்த்தை திருப்பும் பபூன் சும்மா இருந்தான் என்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் சுற்றில் வீரையா: "யானைத் தலையின் உள்பக்கம் நெற்றி படுகிற இடத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஈரத்தோடு அப்பியிருந்தது. நாளைக்கு வேற ஊருக்குப் போகணும், நான்தானே துவைக்கணும்." அது நாமம். பபூன் நாமம் போடுவதில்லை. முகத்தையும் எப்போதோ கழுவியிருப்பான்.

முதல் இரண்டையும் "முதுகுவலி" என்று சின்னச்சாமி சமாளித்துவிடலாம். மூன்றாவதைச் சமாளிக்க முடியாது. அந்த வரிசை மாறவே கூடாது.

பின்பாட்டுக்காரர் பேரன்

நாமம் அருமை. ஆனா எல்லா நாரதரும் நாமம் போடுறதில்லை, சிலர் வெறும் ரோஸ் பவுடர்தான். முதல் சுற்றுலயே பாலு "நாமம் கலைஞ்சுடும்னு மல்லாந்தே படுத்திருந்தேன்"னு சொல்ற மாதிரி வைங்க. அப்போ நாமம் இருந்ததும் எல்லார் காதுலயும் விழுந்திருக்கும், அவன் பொய்க்கு அலங்காரமாவும் இருக்கும்.

சாவிக்கொத்து

இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்படியே வையுங்கள்.

திருச்சி ரவி

சரி, காரணம் என்ன? ஏஜெண்டு காசு குடுக்கலைன்னா எட்டுப் பேருக்கும் அதேதானே?

வைகைக்கரை

நான் வைத்திருப்பது புரோநோட்டு. ஏஜெண்ட் பலருக்கும் கடன் கொடுத்து வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். கணக்கு நோட்டில் ஐந்து பேர் பெயர், பையில் மூன்று நோட்டுதான் இருக்கிறது. இரண்டு காணோம். ஒன்றைக் கனகா 2.15க்குப் பிறகு, மேடை ஏறுவதற்கு முன் எடுத்துவிட்டாள், அது அவளுடைய நோட்டு. இன்னொன்றை எடுத்தது சின்னச்சாமி. கனகா ஒத்துக்கொள்ளாத வரை, ஒரே ஆள் இரண்டையும் எடுத்த மாதிரி தெரியும். மூன்று வருடத்தில் நோட்டு காலாவதி ஆகிவிடும், அதற்குள் கேஸ் போடப்போவதாக ஏஜெண்ட் மிரட்டினார், அதனால் கொலை.

கோர்ட் வாசல்

குமாஸ்தாவாகப் பல வருடம் இருந்தவன், ஒன்று சொல்கிறேன். ஆளைக் கொன்றால் கடன் போகாது, வாரிசு கேஸ் போடலாம். நோட்டே கையில் இல்லையென்றால்தான் வாரிசுக்குக் கஷ்டம். ஆக, திருடியதற்குக் காரணம் இருக்கிறது, கொன்றதற்கு இல்லை. இதைவிட வலுவான வழி ஒன்று உண்டு. காலாவதி ஆகப்போகும் நோட்டின் பின்பக்கம் "வரவு ரூ. 50" என்று எழுதிக் கடன் வாங்கியவர் கையெழுத்து வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம். கையெழுத்துப் போட ஆள் வராவிட்டால் தானே போட்டுக்கொள்கிற ஆசாமிகளும் உண்டு. உங்கள் ஏஜெண்ட் சின்னச்சாமி கையெழுத்தைப் போலியாகப் போட்டுவிட்டான் என்று வையுங்கள். முடிந்த கடன் என்று நினைத்திருந்தவனுக்கு அன்று ராத்திரி நோட்டைக் காட்டுகிறான், வீட்டை எழுதிக் கொடு என்கிறான்.

சாவிக்கொத்து

ஐயா, நன்றி. இதில் துப்பும் சேர்ந்தே வருகிறது. கணக்கு நோட்டில் "சி.சா. வரவு 50" என்று ஒரு தேதி இருக்கட்டும். வீரையா டிரஸ் பெட்டிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பழைய நாடக நோட்டீஸில் அதே தேதியில் சின்னச்சாமி வேறு ஊரில் மேடையில் இருந்ததாக அச்சாகியிருக்கும். இரண்டையும் நிஜக் காகிதமாகவே செய்து மேஜையில் வையுங்கள். காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் மக்களுக்கு இருக்கும் ஆர்வம் எந்த வசனத்துக்கும் கிடையாது.

மற்றவர்களின் காரணங்களை இந்த அளவு ஆழமாக்க வேண்டாம். மாணிக்கத்துக்கு வாய்ப்பு பறிபோகிற கோபம், ரோஜாவுக்குச் சம்பள பாக்கி, அம்பலத்துக்கு விழாப் பணத்தில் ஏஜெண்டோடு போட்ட ரகசியப் பங்கு, அவ்வளவு போதும். பாலுவுடையது மட்டும் தலைகீழாக இருக்கட்டும்: பகை மாதிரி தெரியும், ஆனால் ஏஜெண்ட் செத்தால் நஷ்டப்படும் ஒரே ஆள் அவன்தான்.

அனுராதா

இப்போது புரிந்தது, தம்பி. ஒரு கார்டு எப்படி இருக்கும் என்று காட்டினால் எங்கள் அபார்ட்மெண்டிலும் செய்வேன். எங்கள் ஊரில் கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போவது நிச்சயம், அதற்கு என்ன செய்வீர்கள்?

வைகைக்கரை

பாலுவின் முதல் சுற்றுக் கார்டை எழுதிப் பார்த்தேன்:

"நீ நாரதர் பாலு. அடுத்த சீசனில் உன்னை ராஜபார்ட் ஆக்குவதாக ஏஜெண்ட் வாக்குக் கொடுத்திருக்கிறார், இது மாணிக்கத்துக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். நீயாகவே சொல்: உன் வேலை முடிந்து, நாமம் கலையாமல் இருக்க மல்லாந்து படுத்துத் தூங்கினாய். கேட்டால் மட்டும் சொல்: முந்தின நாள் ஏஜெண்டோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது நீதான். மறை: சின்னச்சாமிக்குப் பதில் யானைக்குள் போனது நீ. இதற்காகப் பொய் சொல்லலாம். கொலைகாரன் நீதான் என்று பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால் உண்மையைச் சொல்லிவிடு."

ஆள் வராவிட்டால் சுப்பையாவை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவர் துப்பு அம்பலத்திடமும் இருக்கிறது.

சாவிக்கொத்து

கார்டு நன்றாக இருக்கிறது, இதைவிட நீளமாக்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டே படிப்பார்கள். எல்லாருக்கும் ஒரு பொது விதியைச் சத்தமாகப் படித்துவிடுங்கள்: "மறை" என்று இருப்பதற்கு மட்டும்தான் பொய் சொல்லலாம், மற்ற எதற்கும் நேரடியாகக் கேட்டால் உண்மை. இது இல்லையென்றால் உற்சாகத்தில் யாராவது புதுக்கதை விட்டு மொத்த நேரக் கணக்கையும் குலைத்துவிடுவார்கள். சுப்பையாவை எடுப்பது சரி. பாலு, சின்னச்சாமி, வீரையா மூவரையும் எடுக்கவே முடியாது. அந்த மூன்றையும் கட்டாயம் வரக்கூடியவர்களுக்குக் கொடுங்கள்.

விருந்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். வராத நண்பர் ஒருவரிடம் சீட்டுகளைச் சுற்று வரிசையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு "யார்?" என்று கேளுங்கள். இரண்டாம் சுற்றிலேயே சின்னச்சாமி என்றால் எந்தச் சீட்டுக்குப் பிறகு சொன்னார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது ரோஜாவின் சோடாவாக இருக்கும். அப்போது "பதிலே இல்லை" என்பதை "தலையை மட்டும் ஆட்டினாரு" என்று மாற்றினால் சத்தம் குறையும். நாமம் வந்த பிறகும் சின்னச்சாமி பெயர் வராவிட்டால், முதல் சுற்றில் பாலு நாமத்தைப் பற்றிச் சொன்னது மனதில் பதியவில்லை என்று அர்த்தம்.

திருச்சி ரவி

எல்லாம் சரி, ஆனா சின்னச்சாமியா ஆடுறவர் முகம்? அதுக்குப் பதில் வரலையே.

சாவிக்கொத்து

முதல் கவரில் அவருக்கும் கொலை தெரிய வேண்டாம். "பாலுவை யானைக்குள் அனுப்பினாய், அதை மறை, நோட்டுப் பற்றி ஏஜெண்டோடு சண்டை" என்று மட்டும் இருக்கட்டும். மற்றவர்களைப் போல அவரும் சின்ன ரகசியத்தோடு பேசுவார். இரண்டாம் கவரில்தான் "நீதான்" என்று வரும். அப்போது எல்லாரும் கவர் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார்கள், அவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

திருச்சி ரவி

பாதி ஒத்துக்கறேன். எங்க வீட்டுல கவர் பிரிக்கும்போதுதான் எல்லாரும் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பாங்க. நான்னா கடைசி வரை சொல்ல மாட்டேன்.

பின்பாட்டுக்காரர் பேரன்

எனக்கு வேற ஒரு கேள்வி. பாலு உண்மையைச் சொன்னதும் எல்லாரும் சின்னச்சாமியைப் பார்த்துடுவாங்க. அப்போ நாமத்தை வச்சு முன்னாடியே கண்டுபிடிச்சவங்களுக்கு என்ன மரியாதை?

வைகைக்கரை

அதையும் யோசித்தேன். மூன்றாம் சுற்று முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் "யானைக்குள் யார், கொன்றது யார்" என்று இரண்டு பெயர் எழுதி மடித்து என்னிடம் தந்துவிடணும். அதன் பிறகுதான் கை தூக்கிக் குற்றம் சாட்டுவது. பாலு உடைந்த பிறகு சீட்டைப் பிரித்துப் படிப்பேன்.

சாவிக்கொத்து

சீட்டில் சின்னச்சாமி பெயரை எழுதியவர் கை தூக்கும்போது பாலுவைக் காட்ட மாட்டாரே. நான்கு பேர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் பாலு மேல் பாதிக்கு மேல் கை வராது, அவன் வாயைத் திறக்கவும் மாட்டான். அந்த நிலைமைக்கு இன்ஸ்பெக்டர் கையில் ஒரு வழி இருக்கணும். பாலுவைக் கூப்பிட்டு யானைத் தலையை அவன் நெற்றியில் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அட்டையில் தலை செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறதா?

வைகைக்கரை

சித்தப்பா பெண் ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிறாள். ஆனால் அவளுக்கு ரோஜா கார்டு கொடுப்பதாக இருந்தேன். தலையை அவளே செய்தால் உள்பக்கச் சாயத்தைப் பார்த்துவிடுவாள். அதனால் உள்ளே நாமத்தை மட்டும் நான் கடைசியில் பூசிவிடுகிறேன்.